ஏர்ல போன ஆர்டருக்கு யார் பொறுப்பு? திருப்பூரில் மெர்ச்சண்டைசிங்கும் புரொடக்ஷனும் மோதும் இடம்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் வாராந்திரக் கூட்டத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், யார் எந்தத் துறை என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். "பீபி அப்ரூவல் வராம நான் எப்படிங்க மேடம் கட்டிங் போடறது?" என்று, மொத்த உற்பத்திக்கு முன் பையர் பார்க்கும் பீபி சாம்பிளைச் சொல்லிக் கேட்பவர் ஃபேக்டரி மேனேஜர். "அப்ரூவல் மெயில் போட்டு நாலு நாளாச்சுங்கண்ணா, நாலு நாளா துணி டேபிள்லயேதான இருந்துச்சு?" என்று திருப்பிக் கேட்பவர் மெர்ச்சண்டைசர். இரண்டு பேரிடமும் தேதி இருக்கிறது, மெயில் இருக்கிறது, ரிஜிஸ்டர் இருக்கிறது. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஆனாலும் சரக்கு தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டு விமானத்தில், ஊர்ப் பேச்சில் ஏரில், போகிறது.

வெளியூர் கம்பெனிகளில் விற்பனைத் துறைக்கும் பொறியியல் துறைக்கும் நடக்கும் சண்டைதான் இது. பின்னலாடைத் தொழிலில் பையர் என்னும் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசி ஆர்டர் வாங்குவதும், விலை சொல்வதும், சாம்பிள் அனுப்பி ஒப்புதல் பெறுவதும் மெர்ச்சண்டைசரின் வேலை. துணியை வெட்டி, தைத்து, பெட்டி கட்டுவது புரொடக்ஷனின் வேலை. இந்த இரண்டு துறைக்கும் நடுவில் கிடந்து வீணாகும் நாட்கள் யார் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதுதான் பிரச்சினையின் வேர். அதை ஆட்களின் குணத்தில் தேடினால் கிடைக்காது. ஓர் ஆர்டரை எடுத்து நாள் நாளாகப் பிரித்துப் பார்த்தால் கிடைக்கும்.

கணக்குக்காக ஓர் ஆர்டரை வைத்துக்கொள்வோம். ரவுண்ட் நெக் டி-சர்ட், 24,000 பீஸ். வெள்ளை, கிரே மெலாஞ், நேவி, சிவப்பு என்று நான்கு கலர், கலருக்கு 6,000. ஒரு பீசுக்குச் சேதாரத்தோடு 200 கிராம் துணி என்றால் மொத்தம் 4,800 கிலோ. பையர் ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து 88ஆம் நாள் துறைமுகத்தில் கட்-ஆஃப், அதாவது அதற்குள் கன்டெய்னர் உள்ளே போயிருக்க வேண்டும்.

ஆர்டர் வந்ததும் மெர்ச்சண்டைசர் டிஎன்ஏ போடுவார். எந்த வேலை எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று எழுதும் கால அட்டவணைக்குத்தான் ஊரில் அந்தப் பெயர். இந்த ஆர்டரின் டிஎன்ஏ இப்படி இருந்தது என்று கொள்ளலாம். 7ஆம் நாள் லேப் டிப், அதாவது கலர் சரியா என்று பார்க்கச் சிறு துண்டில் சாயமேற்றிய மாதிரி, பையருக்குப் போக வேண்டும். 14ஆம் நாள் ஒப்புதல். 20ஆம் நாள் நூல். 30ஆம் நாளுக்குள் நிட்டிங் முடிய வேண்டும். முதல் லாட், அதாவது ஒரே தடவையில் சாயமேறும் முதல் தொகுதி, நேவி துணி மட்டும் சீக்கிரமாக 32ஆம் நாள் டையிங்கிலிருந்து வந்துவிட வேண்டும், ஏனென்றால் பீபி சாம்பிளை அதில்தான் தைக்க வேண்டும். மொத்த உற்பத்தியைத் தொடங்கும் முன், உண்மையான துணியில், உண்மையான லேபிளோடு தைத்து ஒப்புதல் வாங்கும் மாதிரிதான் பீபி. அது கையில் வராமல் கட்டிங் போட்டால், பையர் பிறகு ஒரு சென்டிமீட்டர் மாற்றச் சொன்னாலும் வெட்டிய துணி அத்தனையும் வீண். பீபி 33ஆம் நாள் போய் 40ஆம் நாள் ஒப்புதலாகி வர வேண்டும். 42ஆம் நாள் எல்லாக் கலர் துணியும் உள்ளே. 45ஆம் நாள் கட்டிங். 47ஆம் நாள் தையல் லைனில் ஏற வேண்டும்.

தையலுக்கு எத்தனை நாள் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், சண்டையின் பாதி இங்கேதான் இருக்கிறது. ஒரு லைன் நன்றாக ஓடும்போது நாளுக்கு 1,000 பீஸ் தரும் என்றால், 24,000 பீசுக்கு 24 நாள் என்று மெர்ச்சண்டைசர் கணக்குப் போடுவார். லைன் அப்படி ஓடாது. புது ஸ்டைல் ஏறும் முதல் நாள் 400 வரும், இரண்டாம் நாள் 600, மூன்றாம் நாள் 800. ஓவர்லாக்காரர் கை பழகுவதற்கும், ஃபிளாட்லாக் மெஷினின் ஃபோல்டர் சரியாக அமைவதற்கும், கழுத்து ரிப் சுருங்காமல் ஏறுவதற்கும் அந்த மூன்று நாள் தேவை. மூன்று நாளில் 1,800 பீஸ், மீதி 22,200 பீசுக்கு 23 நாள், ஆக 26 வேலை நாள். ஞாயிறுகளையும் சேர்த்தால் 30 நாள். 47இல் தொடங்கினால் 77இல் தையல் முடியும். செக்கிங், அயர்னிங், பேக்கிங், ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் எல்லாம் முடிந்து 85ஆம் நாள் லாரி ஏறும். கட்-ஆஃபுக்கு மூன்று நாள் மிச்சம் இருக்கும். டிஎன்ஏவில் குறை சொல்ல எதுவும் இல்லை.

இனி நடந்ததைப் பார்ப்போம். சிவப்பு லேப் டிப் முதல் தடவை திரும்பியது, மஞ்சள் அடிக்கிறது என்று பையர் சொல்லிவிட்டார். இரண்டாம் தடவையும் திரும்பியது, மங்கலாக இருக்கிறதாம். மூன்றாவதுதான் 31ஆம் நாள் ஒப்புதல் ஆனது. 14இல் வர வேண்டியது 31இல் வந்தால் கூட்டத்தில் சத்தம் எழாமல் இருக்குமா? மூன்று வாரமாக எல்லோரும் சிவப்பைப் பற்றித்தான் பேசினார்கள். "டையிங்ல சொல்லி வேகமா வாங்கறது மெர்ச்சண்டைசிங் வேலை" என்று புரொடக்ஷன் சொன்னது. "டையிங் யூனிட்ட பிடிச்சது ஃபேக்டரிதான, நானா?" என்று மெர்ச்சண்டைசிங் சொன்னது. ஒப்புதல் தள்ளிப்போனதால் டையிங் யூனிட் ஒதுக்கி வைத்திருந்த மெஷினை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. சிவப்புத் துணி 42க்குப் பதிலாக 52ஆம் நாள் வந்து சேர்ந்தது.

அதே சமயம், யாரும் சத்தம் போடாத வேறொன்றும் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. பீபிக்கு வேண்டிய முதல் லாட் நேவி, டையிங்கிலிருந்து 32க்குப் பதிலாக 38ஆம் நாள் வந்தது. அங்கே 6 நாள் போயிற்று. துணி வந்த மறுநாள் சாம்பிளைத் தைத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் சாம்பிள் ரூமில் இருந்த டெய்லர்கள் வேறொரு பையரின் அடுத்த சீசன் மாதிரிகளைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். சாம்பிள் ரூம் மெர்ச்சண்டைசிங் துறையின் கீழ் இருப்பது. புது ஆர்டர் பிடிக்கும் வேலைதான் அங்கே எப்போதும் முதலில் நிற்கும். பீபி 42ஆம் நாள் போயிற்று, இங்கே 3 நாள் போயிற்று. பையர் வழக்கம்போல ஏழு நாளில், 49ஆம் நாள் பதில் சொன்னார்: கழுத்து ரிப் அகலத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். மாற்றித் தைத்து அனுப்பி, 55ஆம் நாள் ஒப்புதல் கிடைத்தது. இன்னும் 6 நாள். ஆக 6, 3, 6, மொத்தம் 15 நாள். 40இல் வர வேண்டிய பீபி 55இல் வந்தது.

ஃபேக்டரி கட்டிங்கை 59ஆம் நாள் தொடங்கியது. பேட்டர்னைத் திருத்தி, துணியில் எதை எங்கே வெட்டுவது என்று அடுக்கும் மார்க்கர் போட்டு, டேபிளில் இருந்த வேறு ஸ்டைலை முடித்துக் காலி செய்ய நான்கு நாள் ஆனது. டிஎன்ஏவில் இதற்கு 5 நாள் கொடுத்திருந்தார்கள், 40இலிருந்து 45 வரை. ஆகவே ஃபேக்டரி தனக்குக் கொடுத்த நாட்களில் ஒரு நாளை மிச்சம் பிடித்திருக்கிறது. "நாலு நாளா துணி டேபிள்ல இருந்துச்சு" என்ற குற்றச்சாட்டு தேதிப்படி உண்மைதான், ஆனால் தாமதத்துக்கு அது காரணம் இல்லை.

சிவப்புக்கும் இதே கதைதான். மூன்று வாரம் எல்லோரும் கத்திய சிவப்புத் துணி 52இல் வந்துவிட்டது. பீபி வந்தது 55இல். சிவப்பு 42இலேயே வந்திருந்தாலும் கட்டிங் ஒரு நாள்கூட முன்னால் தொடங்கியிருக்காது. லேப் டிப்பில் போன 17 நாளும் கப்பல் கணக்கில் பூஜ்ஜியம். யாரும் பேசாத பீபியின் 15 நாள்தான் கட்டிங்கைத் தள்ளியது. இரண்டு தாமதம் ஒரே காலத்தில் ஓடும்போது கடைசியில் வந்து சேர்வது எதுவோ அதுதான் நாளைத் தின்கிறது; மற்றது சத்தம் மட்டும் போடுகிறது. துறைச் சண்டைகளில் இது திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்க்கலாம். மெயில் அதிகமாகப் போன விஷயத்தைத்தான் தாமதத்தின் காரணம் என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

அந்தப் 15 நாளைப் பிரித்துப் பார்த்தால் மெர்ச்சண்டைசிங் பக்கம் 3 நாள் வருகிறது. புரொடக்ஷன் பக்கம் ஒன்றும் இல்லை. மீதி 12 நாளில் பாதி டையிங் யூனிட்டுக்கும் பாதி பையருக்கும் போகிறது. டையிங் யூனிட்காரர் கூட்டத்தில் இல்லை. பையர் எங்கோ ஐரோப்பாவில் இருக்கிறார். இருந்தாலும் அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அறையில் இருப்பது இரண்டு துறைதான். பழியும் அந்த இரண்டுக்குள்ளேயே சுற்றி வருகிறது.

இந்த அமைப்பு திருப்பூரில் தற்செயலாக வந்ததல்ல. இங்கே பல நிறுவனங்கள் கட்டிங், தையல், பேக்கிங்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாவற்றையும் வெளி யூனிட்டுகளுக்கு ஜாப் வொர்க்காகக் கொடுக்கின்றன. 2011 ஜனவரியில், நொய்யலில் சாயக் கழிவு கலக்கும் வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடு இருந்தால்தான் டையிங் நடத்தலாம் என்ற நிலை வந்தது. ஆற்றுக்கும் விவசாயிகளுக்கும் அது செய்யப்பட வேண்டிய நியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் பிறகு டையிங் என்பது செலவு கூடிய வேலை, நினைத்தவுடன் இன்னொரு மெஷினைப் போட்டுவிட முடியாத வேலை. சுத்திகரிப்பு நிலையம் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் எடுக்குமோ, அந்த அளவுக்குத்தான் சாயம் போட முடியும். சீசன் நேரத்தில் எல்லாக் கம்பெனியும் ஒரே வாரத்தில் துணி அனுப்பும்போது, யாருடைய லாட் முதலில் ஏறும் என்பதை டையிங் யூனிட்தான் முடிவு செய்கிறது. மெர்ச்சண்டைசருக்கும் ஃபேக்டரி மேனேஜருக்கும் அதில் போன் போடும் உரிமை மட்டும்தான்.

இரண்டு கடிகாரம்

ஒரே ஆர்டருக்கு இரண்டு துறையும் வேறு வேறு நாளிலிருந்து எண்ணத் தொடங்குகின்றன. மெர்ச்சண்டைசருக்கு முதல் நாள், பிஓ, அதாவது பையரின் ஆர்டர் தாள், வந்த நாள். அவர் 88 என்ற எண்ணை வைத்துக்கொண்டு எத்தனை நாள் மீதி என்று எண்ணிக்கொண்டே வருவார். ஃபேக்டரி மேனேஜருக்கு முதல் நாள், துணியும் பீபியும் பட்டன், லேபிள், பாலிபேக் போன்ற ட்ரிம்ஸும் கையில் வந்த நாள். அவருடைய ரிஜிஸ்டரில் "துணி வரவு" என்ற தேதிக்கு முன்னால் எதுவும் எழுதப்பட்டிருக்காது. 59இல் கட்டிங் தொடங்கி 30 நாளில் தைத்து முடித்தால் அவர் தன் கணக்கில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர். மெர்ச்சண்டைசரின் கணக்கில் 14 நாள் லேட். ஒரே ஆர்டர் ஒரு நோட்டில் சரியான நேரத்திலும் இன்னொரு நோட்டில் தாமதமாகவும் முடிந்திருக்கிறது.

சம்பளமும் பாராட்டும் வருவதும் வேறு வேறு எண்ணிலிருந்துதான். மெர்ச்சண்டைசரைப் பார்த்து முதலாளி கேட்பது: இந்த சீசனுக்கு எவ்வளவு ஆர்டர்? ஃபேக்டரி மேனேஜரைப் பார்த்துக் கேட்பது: இன்னிக்கு எத்தனை பீஸ்? நாளுக்கு எத்தனை பீஸ் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர், பாதி ஒப்புதலோடு நிற்கும் அவசர ஆர்டரை லைனில் ஏற்ற விரும்ப மாட்டார். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டைலை நிறுத்தினால் மூன்று நாள் உற்பத்தி விழும். பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லருக்கு அந்த மூன்று நாள் கூலியும் விழும், லைனில் முணுமுணுப்பு எழும். அதனால் எல்லாம் முழுமையாக வந்து சேர்ந்த ஆர்டரை எடுத்து ஓட்டுவார். மெர்ச்சண்டைசருக்கு இது வேண்டுமென்றே தன் ஆர்டரை ஒதுக்கி வைப்பதாகத் தெரியும். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள் என்பது என் எண்ணம்.

இதன் இன்னொரு விளைவு, தேதி பொய்யாவது. கட்-ஆஃப் 88 என்றால் மெர்ச்சண்டைசர் ஃபேக்டரியிடம் 80 என்று சொல்வார், ஒரு பாதுகாப்புக்கு. இரண்டு சீசனில் ஃபேக்டரி அதைக் கண்டுபிடித்துவிடும். பிறகு 80 என்றால் 88 என்று தானே திருத்திக்கொள்ளும். மெர்ச்சண்டைசருக்கு அது தெரிந்ததும் 75 என்பார். ஃபேக்டரியும் சும்மா இருக்காது, 26 நாள் வேண்டிய வேலைக்கு 32 நாள் கேட்டு வைக்கும். உண்மையிலேயே நெருக்கடியான ஒரு ஆர்டர் வந்து மெர்ச்சண்டைசர் உண்மையான தேதியைச் சொல்லும் அன்று, அதை யாரும் நம்புவதில்லை. ஒரு நிறுவனத்தில் இந்த நிலை வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஷிப்மென்ட் தேதியை ஃபேக்டரி ஆட்கள் டாக்குமென்டேஷன் துறையிடமோ, சரக்கைக் கப்பலில் ஏற்றிவிடும் ஃபார்வர்டரிடமோ தனியாகக் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்கிறார்கள் என்றால் மெர்ச்சண்டைசர் கொடுக்கும் தேதிக்கு மதிப்பு போய்விட்டது.

காப்பாற்றிய ஆர்டரும் காவு போன ஆர்டரும்

நம் ஆர்டர் 61ஆம் நாள் லைனில் ஏறுகிறது. ஒரே லைனில் ஓட்டினால் 91ஆம் நாள்தான் தையல் முடியும், கப்பல் போய்விடும். கூட்டத்தில் முதலாளி சொல்வார்: இரண்டு லைன்ல போடு. சண்டை அன்றைக்கு நின்றுவிடும். செலவு எங்கே போகிறது என்பதைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை.

செக்கிங், பேக்கிங்கை இரவும் பகலும் ஓட்டி நான்கு நாளில் முடிப்பதாக வைத்தால், தையல் 81ஆம் நாள் முடிந்தாக வேண்டும். 61இலிருந்து 81 வரை 17 வேலை நாள். முதல் லைன் அதற்குள் 1,800 பீசும், பிறகு 14 நாளில் 14,000 பீசும் தரும். 15,800 ஆயிற்று. மீதி 8,200 பீசை இரண்டாவது லைன் தைக்க வேண்டும். அதற்கும் முதல் மூன்று நாள் பழகும் நாள்தான், ஆகப் பத்து வேலை நாள். அந்த லைனில் ஏற்கெனவே வேறொரு பையரின் ஸ்டைல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதை இறக்கிவிட்டு இதை ஏற்றுகிறார்கள். பத்து நாள் கழித்து அந்த ஸ்டைலைத் திரும்ப ஏற்றும்போது கை மறந்திருக்கும். மறுபடி 400, 600, 800 என்று தொடங்கும். அங்கே இன்னொரு 1,200 பீஸ், அதாவது ஒரு நாளுக்கும் மேலான உற்பத்தி, காற்றில் போகிறது.

நம் ஆர்டர் கப்பல் ஏறிவிட்டது. அந்த மெர்ச்சண்டைசருக்குப் பாராட்டும் கிடைக்கும். அடுத்த மாதக் கூட்டத்தில் இன்னொரு மெர்ச்சண்டைசர் எழுந்து, "என் ஆர்டர் ஏங்கண்ணா பதினோரு நாள் லேட்டு? எனக்குத்தான் துணியும் பீபியும் நேரத்துக்கு வந்துச்சே" என்று கேட்பார். ஃபேக்டரி மேனேஜரிடம் பதில் இருக்காது. பதில் போன மாதத்து ஆர்டரில் இருக்கிறது, அதை நேவியின் முதல் லாட்டோடு இணைத்துப் பார்க்க எந்த ஏடும் இல்லை. எல்லா அப்ரூவலும் ஒழுங்காக வந்த ஆர்டர்கூட ஏன் தள்ளிப்போகிறது என்று பல நிறுவனங்கள் குழம்புவது இதனால்தான். தாமதம் ஒரு ஆர்டரிலிருந்து இன்னொரு ஆர்டருக்குக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. கடைசியாக யார் கையில் இருக்கிறதோ அந்த ஆர்டர் ஏரில் போகிறது.

ஏரில் போவது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான ஆர்டர்கள் எஃப்ஓபி விலையில் எடுக்கப்படுபவை. சரக்கைக் கப்பல் ஏற்றும் வரை நம் செலவு, கப்பல் கூலி பையருடையது. சரக்கு நம்மால் தாமதம் என்றால் விமானக் கூலி முழுவதும் நம் தலையில் விழும். டி-சர்ட்டில் பீசுக்கு நிற்கும் லாபம் மெல்லியது, விமானக் கூலி அதைத் தின்றுவிட்டு முதலிலும் கை வைக்கும். அப்படி ஒரு பில் வரும்போது பல நிறுவனங்களில் ஒரு படிவம் எழுதச் சொல்வார்கள்: தாமதத்துக்குக் காரணமான துறை எது? அந்த ஒரே கட்டத்தில் ஒரே துறையின் பெயரை எழுதி, அந்தத் துறைத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். பகை முற்றுவது அந்தக் கட்டத்தில்தான். தன் பெயர் வரக் கூடாது என்பதற்காக ஆர்டரின் முதல் நாளிலிருந்தே ஆதாரம் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பக்கத்து அறையில் இருப்பவரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டியதற்கு, ஐந்து பேருக்கு நகல் வைத்து மெயில் போகிறது.

அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். ஆர்டர் இன்று யாருக்காகக் காத்திருக்கிறது என்பதை ஒவ்வொரு நாளும் ஒரு வார்த்தையில் எழுதும் தாள். பையர், நூல் மில், நிட்டிங், டையிங், சாம்பிள் ரூம், கட்டிங், லைன் என்று ஒரு பெயர், ஒரு தேதி, அவ்வளவுதான். நம் ஆர்டருக்கு அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், 32ஆம் நாளிலிருந்து 38 வரை "டையிங், முதல் லாட் நேவி" என்று ஆறு வரி இருந்திருக்கும். சிவப்புக்காக டையிங்கில் சண்டை போட்டவர்கள் அதே போனில் நேவியைக் கேட்டிருப்பார்கள். 38இலிருந்து 42 வரை "சாம்பிள் ரூம்" என்று எழுதியிருக்கும், அடுத்த சீசன் மாதிரியை ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டு பீபியை முதலில் தைக்கச் சொல்லும் முடிவை யாராவது எடுத்திருப்பார்கள். இந்தத் தாளை மெர்ச்சண்டைசரும் எழுதக் கூடாது, ஃபேக்டரியும் எழுதக் கூடாது. இரண்டுக்கும் கட்டுப்படாத பிளானிங் ஆள் ஒருவர் எழுத வேண்டும். இல்லையென்றால் அதுவும் இன்னொரு ஆதாரக் கட்டாகிவிடும்.

தாளோடு சேர்த்து இரண்டு துறைக்கும் பொதுவாக ஒரு தேதி வேண்டும்: கட்டிங்குக்குத் தயாரான நாள். துணி செக் ஆகி, நிற வேறுபாட்டின்படி ஷேட் லாட் பிரிந்து, சுருக்கம் பார்த்து, பீபி வந்து, ட்ரிம்ஸ் வந்து, எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்த நாளை இரண்டு பேரும் கையெழுத்திட்டு ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் போன நாள் புரொடக்ஷன் கணக்கில்லை, அதற்குப் பின்னால் போன நாள் மெர்ச்சண்டைசிங் கணக்கில்லை. "துணி வந்துடுச்சுல்ல" என்ற வாதம் இதோடு ஒழியும். பாடி துணி வந்து கழுத்து ரிப் வராமல் கிடக்கும் நாட்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வாதம் எவ்வளவு எரிச்சலானது என்று தெரியும். ரிப்பைப் பாடியோடு ஒரே லாட்டில் சாயம் போட்டால்தான் ஷேட் சேரும். அதை அனுப்ப மறந்து தனியாகப் போட்டால் கழுத்து ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம். அப்படித் திரும்பிய ரிப்புக்காகப் பாடி துணி பல நாள் ரேக்கில் தூங்கும். மெர்ச்சண்டைசரின் அட்டவணையில் மட்டும் "துணி உள்ளே" என்று பச்சையாக இருக்கும்.

ஆர்டரை ஏற்கும் முன்பே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. நம் ஆர்டர் 26 லைன்-நாள் கேட்கிறது. பையரிடம் தேதி சொல்லும் முன், 47ஆம் நாளிலிருந்து 77 வரை எந்த லைன் காலி என்று பலகையில் பார்த்து, அந்த 26 நாளை அதில் எழுதிவிட வேண்டும். பலகையில் இடம் இல்லை என்றால் தேதியை மாற்ற வேண்டும் அல்லது வெளி யூனிட்டில் தைக்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் சரி சொல்ல வேண்டும். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள், சத் பூஜைக்கும் ஹோலிக்கும் வட மாநிலம் போகிறவர்கள் எல்லோரும் அந்தப் பலகையில் ஏற வேண்டும். அந்த வாரங்களில் லைனில் பாதி நாற்காலி காலியாக இருக்கும் என்பது ஃபேக்டரியில் எல்லோருக்கும் தெரியும், மெர்ச்சண்டைசரின் டிஎன்ஏவுக்கு மட்டும்தான் தெரியாது.

பேக்கிங் முறையையும் ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. ஒரு பெட்டியில் ஒரே கலர் என்றால், லேப் டிப்பே தேவைப்படாத கிரே மெலாஞ்சையும் எளிதில் ஒப்புதலாகும் வெள்ளையையும் முன்னால் தைத்துப் பெட்டி கட்டி வைத்துவிடலாம், சிவப்பு பின்னால் வந்தாலும் நட்டமில்லை. ஒரு பெட்டியில் நான்கு கலரும் கலந்து போக வேண்டும் என்றால் கடைசிக் கலர் வரும் வரை ஒரு பெட்டிகூட மூட முடியாது. அப்போது சிவப்பின் லேப் டிப்புக்காகக் கூட்டத்தில் எழும் சத்தத்துக்கும் அர்த்தம் இருக்கும்.

இவை எல்லாம் செய்தாலும் பையர் பக்கத்து 6 நாள் அப்படியே நிற்கும். பெரிய நிறுவனங்கள் ஆர்டரை உறுதி செய்யும் மெயிலிலேயே, இந்தத் தேதிக்குள் பீபி ஒப்புதல் வராவிட்டால் ஒரு நாளுக்கு ஒரு நாள் ஷிப்மென்ட் தள்ளும் என்று எழுதிக் கேட்கின்றன. சிறிய நிறுவனம் அப்படிக் கேட்டால் ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போய்விடும் என்ற பயம் உண்டு, அந்தப் பயம் பொய்யும் அல்ல. ஆனால் 49ஆம் நாள் ரிப் அகலத்தை மாற்றச் சொல்லி மெயில் வந்தபோது, அன்றைக்கே "மாற்றித் தருகிறோம், கட்டிங் 6 நாள் தள்ளுகிறது, ஷிப்மென்ட் தேதியை 6 நாள் நீட்டித் தாருங்கள்" என்று இரண்டு வரி பதில் போடுவதை யாரும் தடுக்கவில்லை. பையர் முடியாது என்று சொன்னாலும் சொல்லலாம். 49ஆம் நாள் கேட்டால் முடியாது என்ற பதிலை வைத்துக்கொண்டு லைனை மாற்றியமைக்க நேரம் இருக்கும். 86ஆம் நாள் கேட்டால் மீதி இருப்பது விமானக் கூலியை யார் கட்டுவது என்ற பேச்சு மட்டும்தான். அந்த இரண்டு வரியை மெர்ச்சண்டைசர் எழுதாமல் விடுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை, "ஃபேக்டரிக்காரங்க எப்படியாவது பிடிச்சிடுவாங்க" என்ற பழக்கம். ஃபேக்டரி ஒவ்வொரு தடவையும் வேறொரு ஆர்டரின் லைனைப் பிடுங்கி அதைச் செய்து கொடுத்திருக்கிறது, அதனால்தான் அந்தப் பழக்கம் நிலைத்திருக்கிறது.